இல்லாத கார்டைத் தேடும் கார்கள்

நீட் ஃபார் ஸ்பீடு II எஸ்.இ. 1997-ல் வெளிவந்த கார் பந்தய விளையாட்டு. அதன் சி.டி. இன்றும் பல வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது. சி.டி.யில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இன்றைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அந்தக் கால விளையாட்டுகள் பலவற்றின் இன்ஸ்டால் புரோகிராம் 16 பிட் ரகம். 64 பிட் விண்டோஸ் அதைத் தொட மறுக்கிறது. எப்படியோ ஓட வைத்தாலும், பெட்டியின் அட்டைப் படத்தில் பார்த்த வழுவழுப்பான சாலை திரையில் வருவதில்லை. கட்டம் கட்டமாக உடைந்த புள்ளிகள்தான் வருகின்றன.

காரணம், விளையாட்டு தேடும் கார்டு இப்போது இல்லை. திரையில் படம் வரைய இந்த விளையாட்டுக்கு இரண்டே வழிகள். ஒன்று, பிராசஸரே எல்லாவற்றையும் வரைவது. மற்றது, 1996-ல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடு கார்டிடம் வேலையை ஒப்படைப்பது. அந்தக் கார்டிடம் பேச கிளைடு என்ற தனி மொழி இருந்தது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி இந்த விளையாட்டுக்குத் தெரியாது. 3டிஎஃப்எக்ஸ் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்பதாக 2000 டிசம்பரில் அறிவித்தது. அதோடு கிளைடும் அநாதையானது.

இங்குதான் 'ராப்பர்' கை கொடுக்கிறது. கிளைடு கட்டளைகளைக் கேட்டு, அவற்றை இன்றைய கார்டுகளுக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்லும் துபாஷி அது. விளையாட்டு தேடுவது `glide2x.dll` என்ற ஃபைலை. அதே பெயரில் ராப்பர் உட்கார்ந்துகொள்கிறது. கார்டு இருப்பதாக நம்பி விளையாட்டு தொடங்கிவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இத்தகைய ராப்பர்களைத் தடுக்க 1999-ல் சட்ட நடவடிக்கையில் இறங்கியது இதே 3டிஎஃப்எக்ஸ்தான். இன்று அதன் விளையாட்டுகளுக்கு உயிர் கொடுப்பவை ராப்பர்களே.

இன்றைய விண்டோஸிலேயே ஓடும் ராப்பர்கள் உண்டு. என்கிளைடு, டிஜிவூடு 2 இரண்டும் பிரபலம். விளையாட்டு அவற்றோடு ஒழுங்காக ஓடினால் வேறு சிரமம் வேண்டாம். இன்ஸ்டாலர் முரண்டு பிடித்தாலோ, விளையாட்டு பாதியில் விழுந்தாலோதான் பழைய விண்டோஸே தேவைப்படும். அதற்காக இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச சாஃப்ட்வேர், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கித் தரும். அதில் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பை ஏற்றினால் போதும். ஆனால் அந்த விண்டோஸின் சி.டி.யும் சாவி எண்ணும் சொந்தமாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2006 ஜூலையில் நிறுத்திவிட்டது என்பதால் அது இலவசமாகிவிடவில்லை.

கற்பனைக் கம்ப்யூட்டரை அமைக்கும்போது தாராளம் கூடாது. ஒரே ஒரு பிராசஸர், 256 எம்.பி. மெமரி, இரண்டு ஜி.பி. டிஸ்க் என்ற அளவு இந்த வேலைக்குப் போதும். மெமரி 512 எம்.பி.யைத் தாண்டினால் விண்டோஸ் 98 குழம்பும். மெமரி ஏராளமாக இருக்கும்போதே 'மெமரி போதவில்லை' என்று முறையிடும். திரைக்கான பகுதியில் `VMSVGA` என்ற கன்ட்ரோலரைத் தேர்ந்தெடுத்து, 128 எம்.பி. வீடியோ மெமரி கொடுத்து, `Enable 3D Acceleration` கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். கடைசியில் சொன்ன டிக்கை மறப்பவர்கள் அதிகம். அதன் விளைவு பின்னால் தெரியும்.

முதல் முட்டுக்கட்டை விண்டோஸை ஏற்றும்போதே வரும். ஃபைல்களைக் காப்பி செய்து முடித்ததும் கம்ப்யூட்டர் ஒரு முறை தானே மறுபடி தொடங்கும். புதிய பிராசஸர்களில் பல சமயம் அங்கேயே `Windows protection error` என்று நின்றுவிடும். சி.டி. கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். தவறு அங்கே இல்லை. மெமரியின் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று பிராசஸர் தனக்குள் ஒரு குறிப்பு வைத்திருக்கும். பக்கம் இடம் மாறினால் பழைய குறிப்பை அழிக்கச் சொல்வது விண்டோஸின் பொறுப்பு. விண்டோஸ் 98 அதைச் சரியாகச் செய்வதில்லை. பழைய பிராசஸர்கள் இந்தத் தவறைப் பொறுத்துக்கொண்டன. ஏ.எம்.டி.யின் ஜென் 2 போன்ற புதியவை பொறுப்பதில்லை. இது போதாதென்று, பிராசஸரின் வேகத்தை அளக்கும் இடத்தில் இன்னொரு பிழை உண்டு. சுமார் 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கணக்கு பூஜ்யத்தால் வகுப்பதில் போய் முட்டிக்கொள்கிறது.

இரண்டுக்கும் மருந்து பேட்சர்9எக்ஸ் என்ற சிறிய இலவச புரோகிராம். அதன் ஃபிளாப்பி இமேஜை கற்பனை ஃபிளாப்பி டிரைவில் போட்டு, ஃபைல்களைக் காப்பி செய்து முடித்த அந்த முதல் இடைவெளியில் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும்:

```
patch9x
```

பிறகு ஃபிளாப்பியை எடுத்துவிட்டு விண்டோஸ் வேலையைத் தொடரலாம்.

விண்டோஸ் வந்ததும் திரை 640-க்கு 480 அளவில் 16 வண்ணங்களோடு வெளிறிக் கிடக்கும். விர்ச்சுவல்பாக்ஸ் தயாரிப்பாளர்கள் விண்டோஸ் 98-க்கு டிரைவர் தருவதில்லை. அந்தக் குறையை சாஃப்ட்ஜிபியு என்ற இலவசத் தொகுப்பு தீர்க்கிறது. அதை ஏற்றுவதற்கு முன் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. கெட்டுப்போனால் அந்த நிலைக்கே ஒரு நிமிடத்தில் திரும்பிவிடலாம். சாஃப்ட்ஜிபியுவின் சி.டி. இமேஜில் திரைக்கான டிரைவர், ஓப்பன்ஜிஎல், கிளைடு ராப்பர் எல்லாமே சேர்ந்து வருகின்றன. ஏற்றி முடித்து, மறுபடி தொடங்கி, 32 பிட் வண்ணத்தைத் தேர்ந்தெடுத்தால் முக்கால் வேலை முடிந்தது.

இனி ஓட்டம் இப்படி: விளையாட்டு கிளைடில் பேசும். ராப்பர் அதை ஓப்பன்ஜிஎல்லுக்கு மாற்றும். டிரைவர் அதைக் கற்பனை கார்டிடம் தரும். விர்ச்சுவல்பாக்ஸ் அதை வெளியே இருக்கும் நிஜ கார்டிடம் சேர்க்கும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பந்தயம் நொண்டும்.

எந்தக் கண்ணி என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. படம் வழுவழுப்பாக இருந்தும் கார் தத்தித் தத்தி ஓடினால், கடைசிக் கண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். படம் வரைபவர் யார் என்று காட்டும் ஓப்பன்ஜிஎல் சோதனை புரோகிராம் ஒன்றை உள்ளே ஓட்டினால் போதும். `SVGA3D` என்று வந்தால் நிஜ கார்டு வேலை செய்கிறது. `llvmpipe` என்று வந்தால் பிராசஸரே மூச்சு வாங்க வரைந்துகொண்டிருக்கிறது. அந்த மறந்துபோன டிக்தான் பெரும்பாலும் காரணம்.

விளையாட்டு கார்டே இல்லை என்று சாதித்தால் முதல் கண்ணியைப் பார்க்க வேண்டும். அக்காலத்துச் சில விளையாட்டுகள் தங்கள் ஃபோல்டரிலேயே சொந்தமாக ஒரு `glide2x.dll` வைத்திருக்கும். அது 3டிஎஃப்எக்ஸின் அசல். விண்டோஸ் முதலில் விளையாட்டின் ஃபோல்டரில்தான் தேடும். `C:\WINDOWS\SYSTEM`-ல் இருக்கும் ராப்பரை அது எட்டிப் பார்ப்பதே இல்லை. அசல் ஃபைலோ இல்லாத கார்டைத் தேடிக் கைவிரிக்கும். அதன் பெயரை `glide2x.old` என்று மாற்றினால் தகராறு தீர்ந்தது. வழக்கமாக அசலை நம்பலாம், இங்கே நகலைத்தான் நம்ப வேண்டும்.

எல்லா விளையாட்டுக்கும் இந்த வைத்தியம் பலிக்காது. டாஸில் ஓடிய கிளைடு விளையாட்டுகள் தேடுவது `glide2x.ovl` என்ற வேறொரு ஃபைலை. அவற்றுக்கு, கிளைடு வசதி சேர்த்த டாஸ்பாக்ஸே பொருத்தம். பிராசஸரின் வேகத்தை நம்பி ஓடும் சில விளையாட்டுகள், இங்கே தலைதெறிக்கப் பறக்கும். அவற்றுக்கு பிசிஎம், 86பாக்ஸ் போன்ற எமுலேட்டர்கள் உண்டு. அவை வூடு கார்டையும் பழைய பிராசஸரையும் அப்படியே பாவனை செய்கின்றன. அதற்குப் பலமான கம்ப்யூட்டர் வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சி.டி.க்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. ராப்பர் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், படிக்க முடியாத சி.டி.யிலிருந்து கார் கிளம்பாது. விண்டோஸ் 98-ஐ ஏற்றுவதற்கு முன்பே சி.டி.யின் இமேஜ் ஒன்றை டிஸ்கில் எடுத்து வைத்துவிடுவது உத்தமம்.