எச்சரிக்கை எந்தப் படியில் இருக்க வேண்டும்?

என் அம்மா தெலுக் இந்தானில் தனியாக வசிக்கிறார். மாதந்தோறும் மின் கட்டணம் செலுத்துவதற்கு அவர் பேருந்து ஏறிப் பட்டணத்துக்குப் போவார். முழங்கால் வலி கூடியதும், "இதை நான் கைப்பேசியிலேயே கட்டக் கற்றுக்கொள்கிறேன்" என்றார். நான்காம் படிவத்தில் பயிலும் என் மகன் உடனே உற்சாகமாகி, தன் கைப்பேசித் திரையைப் பதிவுசெய்து பாட்டிக்காக ஒரு விளக்கக் காணொளி தயாரித்தான். ஏழு நிமிடக் காணொளி அது. முதல் ஐந்து நிமிடங்களில் கட்டணம் செலுத்தும் முறையும் கடைசி இரண்டு நிமிடங்களில் மோசடி பற்றிய எச்சரிக்கைகளும் இருந்தன.

அம்மா காணொளியைப் பார்த்தபடியே படிப்படியாகச் செய்தார். ஐந்தாவது நிமிடத்தில் ரிம 86.40 வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது. வேலை முடிந்ததும் காணொளியை மூடிவிட்டார். எஞ்சிய இரண்டு நிமிடங்களை அவர் பார்க்கவே இல்லை. அவர் மீது குறை சொல்ல எனக்கு மனமில்லை. காரியம் முடிந்த பிறகு யார்தான் தொடர்ந்து பார்ப்பார்கள்?

மறுநாள் அவருடைய கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "உங்கள் மின் கட்டணம் இன்னும் செலுத்தப்படவில்லை. இன்று மாலைக்குள் செலுத்தாவிட்டால் மின்சாரம் துண்டிக்கப்படும்" என்று எழுதி, கீழே ஓர் இணைப்பும் தரப்பட்டிருந்தது. தாம் முதன்முறையாகச் செய்ததில் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று அம்மா நினைத்தார். இணைப்பை அழுத்தினார். வங்கிகளின் சின்னங்கள் வரிசையாகத் தோன்றின. தம் வங்கியைத் தேர்ந்தெடுத்ததும், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கம் வந்தது. கடவுச்சொல் எழுதியிருந்த குறிப்பேடு சமையலறையில் இருந்தது. அதை எடுத்து வருவதற்கு முன், "ஐயா, நேற்றுக் கட்டினேனே, இன்றும் கட்டச் சொல்கிறார்களே" என்று பேரனை அழைத்துக் கேட்டார். கடவுச்சொல்லை மறந்ததுதான் அன்று அவருடைய சேமிப்பைக் காத்தது.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. இணையத்தில் பணம் செலுத்தக் கற்றுத்தரும் காணொளியில் எச்சரிக்கையைக் கடைசிப் பகுதியாக வைப்பது தவறு. எந்தப் படியில் ஆபத்து நுழையுமோ, அந்தப் படியிலேயே எச்சரிக்கையும் இருக்க வேண்டும்.

என் மகனும் இதை ஏற்றுக்கொண்டு காணொளியை மீண்டும் தயாரித்தான். அவன் கற்றுத்தந்த முறை JomPAY. இது நம் நாட்டு வங்கிகள் பொதுவாகப் பயன்படுத்தும் கட்டணச் செலுத்து முறை. மின் கட்டணச் சீட்டைப் பார்த்தால் JomPAY சின்னத்தின் அருகே இரண்டு விவரங்கள் இருக்கும். Biller Code என்பது பணத்தைப் பெறும் நிறுவனத்தின் எண். தெனாகா நேஷனல் நிறுவனத்திற்கு அது 5454. Ref-1 என்பது நம் வீட்டு மின் கணக்கின் எண். அதில் பன்னிரண்டு இலக்கங்கள் உண்டு. இந்த இரண்டும் கையில் இருந்தால் போதும். நாமே நம் வங்கிச் செயலியைத் திறந்து பணத்தைச் செலுத்திவிடலாம். யாரும் நமக்கு இணைப்பு அனுப்பத் தேவையில்லை.

இந்த முறையின் பெரிய பாதுகாப்பு இதுதான். நாம் வங்கியைத் தேடிப் போகிறோம். மோசடிக்காரனோ நம்மைத் தேடி வருகிறான். இந்த வேறுபாட்டைப் பாட்டி புரிந்துகொண்டால், பத்து வகை மோசடிகளின் பெயர்களை அவர் மனனம் செய்யத் தேவையில்லை.

புதிய காணொளியின் பகுதிகள் இவ்வாறு அமைந்தன:

```
00:00 கட்டணச் சீட்டில் இரண்டு எண்கள்
00:50 வங்கிச் செயலியைத் திறத்தல்
01:40 நிறுவன எண்ணும் பெயரும்
02:30 கணக்கு எண்ணைச் சரிபார்த்தல்
03:20 தொகையும் ஒப்புதலும்
04:20 இரசீதும் பிறகு வரும் செய்தியும்
```

யூடியூபில் காணொளியின் விளக்கக் குறிப்பில் இப்படி எழுதினால், காணொளி தானாகவே பகுதிகளாகப் பிரியும். முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும். குறைந்தது மூன்று பகுதிகளாவது வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடிக்குக் குறையக் கூடாது. கணக்கு எண்ணில் தடுமாறும் ஒருவர், முழுக் காணொளியையும் மீண்டும் ஓடவிடாமல் நேராக 02:30க்குப் போகலாம். அடுத்த மாதம் மீண்டும் பார்க்கும்போதும் இது உதவும்.

இப்போது எச்சரிக்கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். முதல் எச்சரிக்கை இரண்டாம் பகுதியில் வருகிறது. செயலியைத் திறக்கும் அந்த நொடியிலேயே, "பாட்டி, இந்தச் சின்னத்தை உங்கள் விரலால் நீங்களே அழுத்தித் திறக்க வேண்டும். செய்தியில் வந்த இணைப்பின் வழியாக ஒருபோதும் இங்கே வரக் கூடாது" என்கிறான் என் மகன்.

அடுத்தது மூன்றாம், நான்காம் பகுதிகளில் வருகிறது. 5454 என்று தட்டச்சு செய்த பிறகு Tenaga Nasional Berhad என்ற பெயர் திரையில் தோன்ற வேண்டும். வேறு பெயர் தோன்றினால் எண் தவறு. உடனே பின்வாங்க வேண்டும். ஆனால், நிறுவனத்தின் பெயர் சரியாக இருப்பதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பணம் வேறொரு வீட்டின் கணக்கில் சேரக்கூடும். ஆகவே, பன்னிரண்டு இலக்கங்களையும் நான்கு நான்காகப் பிரித்து, சீட்டில் விரல் வைத்து வாய்விட்டுப் படிக்கும்படி அவன் காட்டியிருக்கிறான். இது மோசடியன்று, கவனக்குறைவு. எனினும், பணம் போவது போவதுதான்.

மூன்றாவது எச்சரிக்கை ஒப்புதல் கொடுக்கும் இடத்தில் வருகிறது. முன்பு வங்கிகள் குறுஞ்செய்தியில் ஒரு குறியீட்டு எண்ணை அனுப்பி ஒப்புதல் கேட்டன. 2022ஆம் ஆண்டில், இதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இப்போது பெரும்பாலும் செயலியிலேயே ஒப்புதல் பக்கம் தோன்றுகிறது. அதில் யாருக்கு, எவ்வளவு என்ற விவரம் இருக்கும். அதைப் படித்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். நாம் எதுவும் செலுத்தாத வேளையில் ஒப்புதல் கேட்டால், வேறு யாரோ நம் கணக்கில் நுழைந்திருக்கலாம் என்று பொருள். அப்போது மறுத்துவிட்டு வங்கியை அழைக்க வேண்டும்.

கடைசி எச்சரிக்கைதான் என் அம்மாவுக்கு அன்று தேவைப்பட்டது. JomPAY வழியாகச் செலுத்திய பணம் மின் கணக்கில் பதிவாவதற்கு ஓரிரு நாள் ஆகலாம். அந்த இடைவெளியில் "செலுத்தப்படவில்லை" என்ற பொய்ச் செய்தி வந்தால், அது உண்மை போலவே தோன்றும். எனவே, இரசீதைச் சேமிக்கக் காட்டும் அதே பகுதியில், "இந்த இரசீதுதான் உங்கள் சான்று. யார் மிரட்டினாலும் முதலில் இதைத் திறந்து பாருங்கள்" என்ற சொற்கள் இடம்பெற்றன. இணைப்பை அழுத்தி விவரங்களைக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதும் அங்கேயே உள்ளது. வங்கியின் அவசர எண்ணையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையோ உடனடியாக அழைக்க வேண்டும். பிறகு காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணத்தைத் தொலைவுக்குக் கொண்டு போகும்.

காணொளி தயாரிப்பவரிடமிருந்தும் ஆபத்து வரலாம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். என் மகனின் முதல் காணொளியில் அவனுடைய அம்மாவின் கணக்கு இருப்பு நான்கு விநாடி தெரிந்தது. நடுவில் ஒரு குறுஞ்செய்தி அறிவிப்பும் திரையின் மேலே வந்து போனது. அந்தக் காணொளியை அவன் குடும்பப் புலனக் குழுவிற்கும் அனுப்பியிருந்தான்! இரண்டாம் முறை பதிவுசெய்வதற்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவைத்தான். கணக்கு எண் வரும் இடங்களைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்தான். கடவுச்சொல் பக்கத்தில் பதிவு வெறும் கறுப்பாகவே வந்தது. பாதுகாப்புக் கருதி வங்கிச் செயலிகள் பல இவ்வாறு திரைப்பதிவைத் தடுக்கின்றன. அந்தத் தடையை மீற அவன் முயலவில்லை. அந்தப் பக்கத்தை வரைதாளில் வரைந்து படமெடுத்துச் சேர்த்தான். பாட்டிக்கு அந்தப் படம்தான் மிகவும் பிடித்தது.

"இவ்வளவு சிரமம் எதற்கு? புலனத்தில் அழைத்து, திரையைப் பகிரச் சொல்லி வழிகாட்டினால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அது விரைவான வழிதான். ஆனால், மோசடிக்காரர்களும் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். வங்கி அதிகாரி என்று சொல்லித் திரையைப் பகிரச் செய்து, திரையில் தோன்றும் குறியீட்டு எண்ணைப் பார்த்துவிடுகிறார்கள். பேரன் கேட்டான் என்று இன்று திரையைப் பகிர்ந்து பழகும் பாட்டி, நாளை அந்நியன் கேட்டாலும் பகிரக்கூடும். பதிவுசெய்த காணொளியோ பாட்டியிடம் எதையும் கேட்பதில்லை. காட்ட மட்டுமே செய்கிறது. அவருடைய கைப்பேசி அவர் கையிலேயே இருக்கிறது.

"அடிக்கு அடி எச்சரித்தால் முதியவர்கள் பயந்துவிடுவார்கள்" என்பது இன்னொரு வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. முதல் காணொளியின் இரண்டு நிமிட எச்சரிக்கையில் பொட்டல மோசடி, வேலை மோசடி, காதல் மோசடி என எல்லாம் இருந்தன. அது அச்சத்தையே தந்திருக்கும். புதிய காணொளியில் எச்சரிக்கைகள் சில வாக்கியங்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் அந்த நொடியில் விரல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது. செய்ய வேண்டியது தெரிந்தவருக்கு அச்சம் குறையும்.

சென்ற மாதமும் அம்மாவுக்கு அதே போன்ற குறுஞ்செய்தி வந்தது. இம்முறை அவர் யாரையும் அழைக்கவில்லை. இரசீதைத் திறந்து தேதியைப் பார்த்தார், செய்தியை அழித்தார். இரவு பேசும்போதுதான், வேறு ஏதோ கதைக்கு நடுவே, அதைச் சொன்னார்.