ஒரு ரூபாய் வட்டி, இரண்டு கணக்கு

வீரகேரளம்புதூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வட்டியைச் சதவீதத்தில் பேசுபவர்கள் குறைவு. "ஒரு ரூபாய் வட்டி", "ரெண்டு வட்டி" என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். புரோநோட்டு எழுதி ஒரு லட்சம் வாங்கியவர் மாதாமாதம் 1,000 ரூபாய் வட்டி கொடுப்பார். அசலைத் தொடமாட்டார். இரண்டு வருடம் கழித்து ஒரு லட்சத்தை மொத்தமாகத் திருப்பிக் கொடுத்து நோட்டைக் கிழிப்பார். மொத்த வட்டி 24,000 ரூபாய். இந்தக் கணக்கில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. இரண்டு வருடமும் முழு ஒரு லட்சம் அவர் கையில் இருந்தது, அதற்கு 12 சதவீதம் கொடுத்தார், அவ்வளவுதான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? இதே பேச்சு தவணைக் கடனுக்கு வரும்போதுதான்.

சுரண்டையிலோ தென்காசியிலோ உள்ள ஒரு ஃபைனான்ஸில் ஒருவர் தனிநபர் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம், 24 மாதத் தவணை. "12 பர்சென்ட்தான் அண்ணாச்சி, ஒரு ரூபாய் வட்டி" என்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு இரண்டு வருட வட்டி 24,000. அசலோடு சேர்த்து 1,24,000. அதை 24-ஆல் வகுத்தால் மாதம் 5,167 ரூபாய். வாங்குபவரும் மனக்கணக்குப் போட்டுப் பார்க்கிறார், சரியாக வருகிறது. புரோநோட்டுக் கடனிலும் 24,000 தானே வட்டி? எனவே கையெழுத்துப் போடுகிறார்.

ஆனால் இங்கே அவர் கையில் ஒரு லட்சம் இரண்டு வருடம் இருக்கப்போவதில்லை. முதல் மாதமே தவணையில் ஒரு பகுதி அசலுக்குப் போகிறது. பன்னிரண்டு மாதம் முடியும்போது பாதி அசலைத் திருப்பிக் கொடுத்திருப்பார். மொத்தக் காலத்தையும் சராசரியாகப் பார்த்தால் அவர் கையில் இருந்தது ஏறத்தாழ 52,000 ரூபாய்தான். வட்டியோ ஒரு லட்சத்துக்கும்! இதற்குத்தான் ஃப்ளாட் ரேட் என்று பெயர். தொடக்கத்தில் வாங்கிய தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி ஓடும்.

கடைசி மாதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் இதன் கோரம் புரியும். அந்த மாதத் தொடக்கத்தில் பாக்கியிருக்கும் அசல் 4,167 ரூபாய். அதற்கு அந்த மாத வட்டி 1,000 ரூபாய். ஊர்க் கணக்கில் சொன்னால் 24 ரூபாய் வட்டி. இப்படிச் சொல்லிக் கடன் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா?

வங்கிகள் தனிநபர் கடனுக்குப் பொதுவாகப் பின்பற்றுவது குறையும் நிலுவை முறை. ஒவ்வொரு மாதமும் பாக்கியிருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி. அதே ஒரு லட்சம், அதே 12 சதவீதம், அதே 24 மாதம் என்றால் தவணை 4,707 ரூபாய். முதல் மாத வட்டி 1,000. பன்னிரண்டாம் மாதம் 571. கடைசி மாதம் வெறும் 47 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 12,976. ஃப்ளாட் ரேட்டில் 24,000. சொன்ன சதவீதம் ஒன்றே, வித்தியாசம் 11,000 ரூபாய்க்கு மேல்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒப்பிடும்போது வருகிறது. வங்கியில் 16 சதவீதம் என்கிறார்கள், ஃபைனான்ஸில் 12 சதவீதம் என்கிறார்கள். யாராக இருந்தாலும் 12 பக்கம்தான் சாய்வார்கள். ஆனால் வங்கியின் 16 சதவீதம் குறையும் நிலுவை முறையில் இருந்தால் தவணை 4,896 ரூபாய், மொத்த வட்டி சுமார் 17,500. அதாவது "அதிக வட்டி" வங்கிக் கடனில் 6,500 ரூபாய் மிச்சம். ஃபைனான்ஸின் 12 சதவீதத்தைக் குறையும் நிலுவைக்கு மாற்றினால் 21.6 சதவீதம் வரும். ஓரிரண்டு வருடக் கடனுக்கு ஃப்ளாட் சதவீதத்தை 1.8-ஆல் பெருக்கினால் உண்மை வட்டி கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். ஐந்து வருடம் போன்ற நீண்ட கடனுக்கு இந்தப் பெருக்கல் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். கணினி இருந்தால் எக்செல்லில் இப்படிக் கொடுக்கலாம்:

```
=RATE(24,-5167,100000)*12*100
```

கையில் கிடைக்கும் தொகையைத்தான் மூன்றாவது எண்ணாகப் போட வேண்டும். பரிசீலனைக் கட்டணம் என்று 2,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 98,000 தந்தால், அதே தவணைக்கு வட்டி 23.7 சதவீதமாக ஏறிவிடும்.

ஃப்ளாட் கடன்தானா என்று கண்டுபிடிக்கக் கணக்குக்கூடத் தேவையில்லை. தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, வட்டி என்ற கட்டத்தைப் பார்த்தால் போதும். மாதாமாதம் அது குறைந்துகொண்டே வந்தால் குறையும் நிலுவை. எல்லா மாதமும் ஒரே தொகை என்றால் ஃப்ளாட். அட்டவணையே தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: ஒரு வருடத்தில் கடனை முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? மேலே சொன்ன 12 சதவீத வங்கிக் கடனில் பாக்கி 52,982 ரூபாய். ஃப்ளாட் கடனில் "மீதி 12 தவணையையும் கட்டிவிடுங்கள்" என்றால் 62,000. முன்கூட்டியே அடைத்ததற்கு ஒரு பைசா லாபம் இல்லை.

இது சில்லறைப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. ஆந்திராவில் சிறுகடன் நிறுவனங்களின் வட்டியும் வசூல் முறையும் பெரும் நெருக்கடியாகி, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை பல நிறுவனங்கள் ஃப்ளாட் ரேட்டில்தான் வட்டியைச் சொல்லி வந்தன. 2011 டிசம்பரில் ரிசர்வ் வங்கி, சிறுகடனுக்கு 26 சதவீத உச்சவரம்பு வைத்தபோது அந்த வட்டியைக் குறையும் நிலுவை முறையில்தான் கணக்கிட வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. அதைச் சொல்லாமல் உச்சவரம்பு மட்டும் வைத்திருந்தால், 26 சதவீத ஃப்ளாட் என்று சொல்லி 40-ஐத் தாண்டியும் வசூலித்திருக்கலாம்.

தனிநபர் கடனுக்கு இதற்கு நிகரான ஏற்பாடு தாமதமாகவே வந்தது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் நிதி நிறுவனங்களும் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஆண்டு வட்டி வீதம், ஏ.பி.ஆர், அதில் இருக்க வேண்டும். தவணை அட்டவணையும் இருக்க வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். ஏழு நாளோ அதற்கு மேலோ உள்ள கடனென்றால் குறைந்தது மூன்று வேலைநாள் யோசிக்க அவகாசமும் உண்டு.

நல்ல விதி. ஆனால் அந்தத் தாள் வருவது எப்போது? மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ பணம் வந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு. அதற்குள் "ஒரு ரூபாய் வட்டி" என்ற சொல் தன் வேலையை முடித்திருக்கும். துண்டுப் பிரசுரத்திலும் கடை வாசல் போர்டிலும் முகவரின் வாயிலும் முதலில் வரும் எண்ணே ஏ.பி.ஆராக இருக்க வேண்டும். தவணைக் கடனுக்கு ஃப்ளாட் சதவீதத்தைச் சொல்வதையே தடை செய்யலாம். தவணை 5,167 என்று சொல்லட்டும், மொத்தம் 1,24,000 என்று சொல்லட்டும், இரண்டும் உண்மை. 12 சதவீதம் என்பது மட்டும்தான் உண்மை இல்லை. ரிசர்வ் வங்கியின் விதி எட்டாத உள்ளூர் வட்டிக்காரர்களிடமும் தவணைக்குப் பொருள் தரும் கடைகளிலும் அந்தத் தாள்கூடக் கிடைக்காது. அங்கே வாங்குபவர் கேட்டு வாங்க முடிந்தது, வட்டிக் கட்டம் உள்ள அட்டவணை ஒன்றுதான்.