2021/2022 என்ற போல்டர் எங்கே போனது?

எங்கட கம்பஸ்களில் பட்ச்சைச் சாய்கோடு போட்டுத்தான் எழுதுவம். 2021/2022 எண்டால் அது ஒரு பட்ச். மக் கணினியில் போல்டருக்குப் பெயர் வைக்கும்போதும் கை தன்பாட்டில் அந்தக் கோட்டைப் போட்டுவிடும். பைண்டர் மறுப்புச் சொல்லாது, 2021/2022 எண்டே காட்டும். அதே போல்டரை டேர்மினலில் திறக்கப் போனால்தான் வேடிக்கை.

```
% cd "2021/2022"
cd: no such file or directory: 2021/2022
% ls
2021:2022
```

போல்டர் அழியவில்லை. பெயரை யாரும் மாற்றவும் இல்லை. ஒரே போல்டர்தான் பைண்டரில் சாய்கோட்டோடும் டேர்மினலில் முக்காற்புள்ளியோடும் நிற்கிறது. இதைக் கோளாறு எண்டு சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இது யோசித்து எடுத்த முடிவு, அந்த நேரத்துக்கு நல்ல முடிவும்கூட. எங்கட முறைப்பாடு வேறு இடத்தில்.

ஒரு பைல் எந்தப் போல்டருக்குள் இருக்கிறது எண்டு சொல்லும் முகவரியில், ஒரு பெயர் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்ட ஒரு குறி வேண்டும். அந்தக் குறி பெயருக்குள்ளே வரக்கூடாது, வந்தால் பெயர் எங்கே முடிகிறது எண்டு தெரியாமல் போகும். யுனிக்ஸ் அதற்குச் சாய்கோட்டை எடுத்தது. பழைய மக் முக்காற்புள்ளியை எடுத்தது:

```
Macintosh HD:Documents:Letters
```

ஆகவே பழைய மக்கில் 12/3/98 எண்டு தாராளமாகப் பெயர் வைக்கலாம், முக்காற்புள்ளி மட்டும்தான் தடை. 1996 கடைசியில் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கப்போவதாக அப்பிள் அறிவித்தது. அதன் வழியாக வந்த யுனிக்ஸ் அடித்தளத்தின் மேல் 2001 இல் மக் ஓஎஸ் எக்ஸ் வெளிவந்தது. இப்ப ஒரே வீட்டுக்குள் இரண்டு சட்டம். சாய்கோட்டைத் தடை செய்திருந்தால் சனங்கள் ஏற்கனவே வைத்திருந்த பெயர்கள் எல்லாம் செல்லாமல் போயிருக்கும். அதனால் எல்லையில் ஒரு மொழிபெயர்ப்பாளரை இருத்தினார்கள். மக் பக்கம் பெயரில் உள்ள சாய்கோடு யுனிக்ஸ் பக்கம் முக்காற்புள்ளியாகும். டேர்மினலில் `mkdir 2021:2022` எண்டு அடித்துப் பார்த்தால், பைண்டரில் சாய்கோட்டோடு வந்து நிற்கும்.

இதில் எங்களுக்குப் பிடித்தது, ஒன்றும் தொலைவதில்லை என்பதுதான். ஒரு பக்கத்தில் தடை செய்யப்பட்ட குறி, மறுபக்கத்தில் அனுமதிக்கப்பட்ட குறி. இரண்டையும் இடம் மாற்றினால் எந்த இரண்டு பெயரும் மோதாது. அப்பிளில் இருந்த வில்பிரெடோ சான்செஸ் 2000 ஆம் ஆண்டு யூஸ்னிக்ஸ் மாநாட்டுக்கு, இந்த இரண்டு உலகங்களைச் சேர்ப்பதில் வந்த சிக்கல்களைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்.

பிரச்சினை, அந்த மொழிபெயர்ப்பாளர் வாயே திறக்காமல் வேலை செய்வது. யுனிக்ஸில் முக்காற்புள்ளி பெயருக்குள் வரலாம், ஆனால் பல கட்டளைகள் அதற்கு வேறு வேலை கொடுத்திருக்கின்றன. பைண்டரில் `2021/2022.zip` எண்டு இருக்கும் பைலை இன்னொரு கணினிக்கு அனுப்ப இப்படி அடிப்பீர்கள்:

```
scp 2021:2022.zip server:
```

`scp` இற்கு முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஒரு கணினியின் பெயர். அது 2021 எண்ட கணினியைத் தேடிப் போகும், உங்கட பைலைத் திரும்பியும் பார்க்காது. `./2021:2022.zip` எண்டு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால்தான் அது இங்கே இருக்கும் பைல் எண்டு விளங்கிக்கொள்ளும். கிட்டில் இன்னும் மோசம். மக்கில் ஒரு சத்தமும் இல்லாமல் சேரும் பைல், வின்டோஸ் வைத்திருக்கும் நண்பரிடம் இறங்காது. வின்டோஸ் பெயருக்குள் சாய்கோட்டையும் விடாது, முக்காற்புள்ளியையும் விடாது.

டேர்மினலே திறக்காதவனுக்கு இது எதற்கு எண்டு கேட்கலாம். போல்டர் ஒரு ஆளின் மக்கிலேயே கிடந்தால் தேவையில்லைதான். ஆனால் பட்ச்சின் குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், சஞ்சிகைப் பக்கங்கள் எல்லாம் கை மாறி மாறித்தான் போகின்றன. அடுத்த கை வின்டோஸாக இருக்கும், அல்லது இரவில் தானாக ஓடும் ஒரு பிரதியெடுக்கும் கட்டளையாக இருக்கும். முக்காற்புள்ளியைப் பெயரில் ஏற்க மறுக்கும் பைண்டர், சாய்கோடு போடும்போதும் "இது வேறு இடத்தில் வேறு மாதிரித் தெரியும்" எண்டு ஒரு வரி சொல்லலாம். 2001 இல் பழைய பெயர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, சரி. இன்றைக்குப் புதிதாகப் பெயர் வைப்பவருக்கு அந்த மௌனத்தால் என்ன பயன்?

சாய்கோடு போலவே தோன்றும் வேறு யூனிகோட் எழுத்தைப் போடச் சொல்லும் கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அது வேண்டாம். பிறகு தேடும்போது விசைப்பலகையில் இருக்கும் கோட்டைத்தான் அடிப்பீர்கள், போல்டர் வராது.

சேகரிப்பை யாருக்காவது கொடுக்க முதல், அந்தப் போல்டருக்குள் நின்று இதை ஓட்டுங்கோ:

```
find . -name '*:*'
```

வரும் பெயர்களை பைண்டரிலேயே 2021-2022 எண்டு மாற்றலாம். உள்ளே இருக்கும் ஆவணத்தின் அட்டையில் 2021/2022 அப்படியே இருக்கட்டும், அதை எந்தக் கட்டளையும் முகவரியாக வாசிக்கப்போவதில்லை.