தொலைந்த தொண்ணூறு

டீச்சர், தரம் நான்கில் ஒருநாள் நீங்கள் கரும்பலகையில் 503-இலிருந்து 267-ஐக் கழிக்கச் சொல்லி எழுதினீர்கள். நான் 336 என்று எழுதிக் கொப்பியை நீட்டினேன். நீங்கள் பிழை போடவில்லை. சிவப்புப் பேனையை மேசையில் வைத்துவிட்டு, "மனே, இதில ஒரு நூறு கூடக் கிடக்கு. அது எங்க இருந்து வந்த?" என்று கேட்டீர்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. தன்னாமுனையில் அன்று யாரோ என்னிடம் களவு பிடித்ததுபோல இருந்தது. சரியான விடை 236. என்னுடையது அதைவிட மிகச் சரியாக நூறு கூட. தற்செயலாகப் பிழைத்த கணக்கு இப்படி வட்டமான எண்ணிக்கையில் பிழைக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது விளங்க இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

ஒக்டோபர் 6 நம் நாட்டில் ஆசிரியர் தினம். பிள்ளைகள் வாழ்த்து மட்டை தருவார்கள், மாலை போடுவார்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள் நமக்குப் பதிலாகப் பாடம் எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வாரப் பத்தியை உங்களுக்கு ஒரு மட்டையாக எழுதுகிறேன். பூ படம் கிடையாது. கழித்தல் மட்டும்தான்.

அன்று நான் செய்தது இதுதான். 3-இல் 7 போகாது. பத்துகளின் இடத்தில் பூச்சியம். நீங்கள் பலகையில் செய்தபோது பூச்சியம் 9 ஆக மாறியதைக் கண்டிருந்தேன். ஆகவே நானும் பூச்சியத்தை 9 ஆக்கினேன், 3-ஐ 13 ஆக்கினேன். நூறுகளின் இடத்து 5-ஐ நான் தொடவே இல்லை. 13-இல் 7 போக 6, 9-இல் 6 போக 3, 5-இல் 2 போக 3. வித்தையின் முடிவைப் பார்த்திருந்தேன், வித்தையைப் பார்க்கவில்லை. எங்கும் இல்லாத ஒரு நூறை நானே உண்டாக்கிவிட்டேன்.

அடுத்த நாள் நீங்கள் ஈர்க்குக் கட்டுகளோடு வந்தீர்கள். தென்னோலை ஈர்க்கைச் சிறு துண்டாக முறித்து, பத்துப் பத்தாக வலைநூலால் கட்டி, அப்படிப் பத்துக் கட்டைச் சேர்த்து ஒரு பெரிய கட்டு. ஐந்து பெரிய கட்டும் மூன்று தனி ஈர்க்கும் என் முன்னால் வைத்து, "எனக்கு ஏழு தா" என்றீர்கள். என்னிடம் இருந்தது மூன்று. சின்னக் கட்டு ஒன்றுகூட இல்லை. வேறு வழியில்லாமல் பெரிய கட்டொன்றை அவிழ்த்தேன். பத்துச் சின்னக் கட்டு உருண்டது. அதில் ஒன்றை அவிழ்த்தேன். மிச்சம் ஒன்பது. அந்த 9 எங்கே இருந்து வந்தது என்று அப்போதுதான் கண்டேன். ஒரு பெரிய கட்டு குறைந்து நாலாகக் கிடந்ததும் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னீர்கள். கடன் வாங்குவது என்ற சொல் உங்களுக்குப் பிடிக்காது. "கடன் எண்டா திருப்பிக் குடுக்கணும். இது கடன் இல்ல மனே, சில்லறை மாத்திற." கடைக்காரர் நூறு ரூபாயை மாற்றித் தந்தால் நம் கையில் பணம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. என்னிடம் ஒரு நூறு கூடியதே, அதுதான் பிழை.

பிறகு நானும் தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்து ஆசிரியையானேன். அங்கேதான் 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அறிந்தேன். ஜோன் சீலி பிரவுண், ரிச்சட் பேர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நிகரகுவா நாட்டுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் கழித்தல் விடைகளை ஆராய்ந்தார்கள். பிழையான விடைகளில் கணிசமானவை கவனமில்லாமல் வந்தவை அல்ல, பிழையான ஒரு விதியைப் பிள்ளை ஒழுங்காகப் பின்பற்றியதால் வந்தவை என்று கண்டார்கள். விதியைப் பிடித்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த கணக்குக்கு எழுதப்போகும் பிழையான விடையையும் முன்கூட்டியே சொல்லலாம். படித்தபோது சிரித்துக்கொண்டேன். அந்தக் கூடின நூறு அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

தெரிந்து என்ன? இந்த வருடம் என் வகுப்பில் ஒரு பிள்ளை அதே கணக்குக்கு 146 எழுதினாள். திருத்துவதற்கு முப்பது கொப்பி கிடந்தது. குறுக்கே ஒரு கோடு போட்டேன். அடுத்த நாளும் அதேபோல ஒன்று. அதற்கும் கோடு. மூன்றாம் நாள்தான் உங்கள் குரல் கேட்டது. பேனையை வைத்துவிட்டு வித்தியாசத்தைப் பார்த்தேன். 236-இலிருந்து 146 போக 90. மிகச் சரியாகத் தொண்ணூறு குறைவு.

"எப்பிடிச் செஞ்ச? சொல்லு பாப்பம்" என்றேன்.

"பூச்சியத்துட்ட ஒண்டுமில்ல டீச்சர். அதனால அடுத்த வீட்டுக்குப் போய் வாங்கின நான்."

நேராக நூறுகளின் இடத்துக்குப் போயிருக்கிறாள். 5-ஐ 4 ஆக்கி, 3-ஐ 13 ஆக்கியிருக்கிறாள். பத்துகளின் இடத்தில் பூச்சியத்திலிருந்து 6 போகாது, ஆகவே மறுபடியும் அடுத்த வீடு. 4 இப்போது 3, பூச்சியம் 10. 13-இல் 7 போக 6, 10-இல் 6 போக 4, 3-இல் 2 போக 1. முதல் தடவை ஒரு நூறை மாற்றப் போனவள் பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மீதித் தொண்ணூறைக் கடையிலேயே விட்டுவிட்டாள். எனக்கு ஒரு நூறு கூடியது, அவளுக்குத் தொண்ணூறு தொலைந்தது.

ஒரு கணக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று 604-இலிருந்து 258-ஐக் கழிக்கக் கொடுத்தேன். கொடுக்கும் முன்பே ஒரு துண்டுக் கடதாசியில் 256 என்று எழுதி மடித்து வைத்தேன். அவளும் 256 எழுதினாள். சரியான விடை 346.

பழைய கணக்கையே ஈர்க்குக் கட்டை வைத்துச் செய்யவிட்டேன். உடனே 236 வந்தது. கொப்பிக்குத் திரும்பினாள், மறுபடியும் 146. இங்கேதான் எனக்கு இடறியது டீச்சர். கை ஒன்றைச் செய்தது, பேனை வேறொன்றைச் செய்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியவில்லை. காரணம் தேடி என் கரும்பலகையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நான் பூச்சியத்தை வெட்டி நேராக 9 எழுதிக்கொண்டிருந்தேன். பழகிய கைக்கு அது வேகம். ஆனால் பெரிய கட்டு அவிழும்போது முதலில் உருள்வது பத்து. அந்தப் பத்தை நான் எழுதாமல் விட்டதால், பிள்ளைக்கு அப்படியொரு தரிப்பிடம் இருப்பதே தெரியவில்லை.

இப்போது கட்டு அவிழ்ந்த கையோடு எழுத வைக்கிறேன். பெரிய கட்டு அவிழ்ந்ததா, 5-ஐ வெட்டி 4, பூச்சியத்துக்கு மேல் 10. சின்னக் கட்டு அவிழ்ந்ததா, அந்தப் 10-ஐ வெட்டி 9, 3-க்கு மேல் 13. ஒரு அவிழ்ப்பு, ஒரு எழுத்து. எழுதாமல் அடுத்த கட்டைத் தொடக்கூடாது. கொப்பி அழுக்காகும், நேரமும் போகும். பாடத்திட்டம் முடியவில்லையே என்று எனக்குப் படபடக்கும். ஈர்க்கு வைத்து நான்கு நாள், ஈர்க்கு இல்லாமல் கொப்பியில் மட்டும் இன்னும் ஒரு கிழமை.

போன வெள்ளிக்கிழமை 800-இலிருந்து 346-ஐக் கழிக்கக் கொடுத்தேன். அதில் பூச்சியம் இரண்டு, வேண்டுமென்றேதான். 8-ஐ வெட்டி 7 எழுதினாள். நடுப் பூச்சியத்துக்கு மேல் 10 எழுதினாள், கொஞ்சம் நின்றாள், அதை வெட்டி 9 எழுதினாள். கடைசிப் பூச்சியத்துக்கு மேல் 10.

விடை 454 வந்தது.