ஆய்வேட்டுக்கு கால அவகாசம் கிடைக்கும்... உதவித்தொகை? திருச்செந்தூர் கடலோரக் கணக்கு சொல்வது என்ன?

'ஃபீல்டு ஒர்க் தாமதமாயிடுச்சு, ஃபெலோஷிப் முடியப்போகுது, ஆய்வேடு சமர்ப்பிக்க அவகாசம் கொடுங்க'. பிஹெச்.டி மாணவர்கள் பலர் எழுதும் கடிதம் இது. இதில் இருப்பது ஒரு கோரிக்கை அல்ல, இரண்டு. கால அவகாசம் தருவது பல்கலைக்கழகம். பணம் தருவது வேறு அமைப்பு.

2 மாதம் எப்படி 1 வருஷம் ஆகுது?

ஒரு உதாரணம் பார்ப்போம். 2020 ஜனவரியில் யுஜிசியின் ஜேஆர்எஃப் உதவித்தொகையுடன் சேர்ந்த ஒருவர், மீன்பிடித் தடைக்காலம் தூத்துக்குடி - திருச்செந்தூர் கடலோரக் குடும்பங்களின் வருமானத்தை எப்படி பாதிக்கிறது என்று ஆய்வு செய்கிறார் என வைத்துக்கொள்வோம். இங்கே விசைப்படகுகளுக்கான தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவருக்கு இரண்டு தடைக்காலத் தரவு வேண்டும்.

முதல் ஆண்டு கோர்ஸ் ஒர்க்கில் போனது. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலை, முழு ஊரடங்கு. அந்தத் தடைக்காலத்தை விட்டால், அடுத்தது 2022 ஏப்ரலில்தான். ஆக, 2022, 2023-ல் தரவு எடுத்தார். ஒப்பிட மழைக்கால சர்வே பாக்கி. 2023 டிசம்பர் 17, 18-ல் பெருவெள்ளம். பக்கத்து காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை. வீடு இழந்தவரிடம் போய் வழக்கமான வருமானம் எவ்வளவுன்னு கேட்க முடியாது. அடுத்த மழைக்காலம் 2024 இறுதியில்.

பணம் எப்போது நிற்கும்?

ஜேஆர்எஃப் 2 ஆண்டு, எஸ்ஆர்எஃப் 3 ஆண்டு, மொத்தம் 5. அதாவது 2024 டிசம்பரோடு சரி. மாதம் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் நின்றுவிடும். ஆய்வேடு கொடுக்க 6 ஆண்டு வரம்பு, 2025 டிசம்பர் வரை. அந்த ஒரு வருஷம் எழுதும் காலம், கையில் காசில்லாத காலம்.

கொரோனாவுக்காக யுஜிசி ஆய்வேடு சமர்ப்பிக்கும் கெடுவை படிப்படியாக 2022 ஜூன் 30 வரை நீட்டித்தது. ஆனால் உதவித்தொகை 5 ஆண்டுதான் என்றும் அதே அறிவிப்புகளில் சொன்னது. 2022 விதிமுறையில் சேர்ந்தவர்களுக்கு 6 ஆண்டுக்கு மேல் மறுபதிவு மூலம் 2 ஆண்டு வரை கிடைக்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. இதெல்லாம் காலம் மட்டுமே.

கடிதத்தில் என்ன இருக்கணும்?

'தவிர்க்க முடியாத காரணங்கள்' என்ற வரி போதாது. எந்தத் தேதியில் எந்த வேலை நின்றது, அந்தத் தரவை மறுபடி எப்போது எடுக்க முடியும் என்ற அட்டவணை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் வைக்கும் முன்னேற்ற அறிக்கையில் தாமதம் அப்போதே பதிவாகியிருந்தால் அதுதான் வலுவான ஆதாரம். எல்லா அறிக்கையிலும் 'திருப்திகரம்' என்று எழுதிவிட்டு, கடைசி மாதம் வெள்ளத்தைக் காரணம் காட்டினால் கேள்வி வரும்.

பருவத்தை நம்பிய ஆய்வென்றால், முதல் பருவம் தவறியவுடனே அந்த 12 மாதத்தைக் கணக்கில் சேர்த்து திட்டத்தை மாற்றுவதுதான் வழி. அவகாசம் கேட்டால் கிடைக்கலாம். ஐந்தாம் ஆண்டோட பணம் நின்னுடும்.