பழைய படச்சுருளின் வயது என்ன?

பெயரோ தேதியோ இல்லாத ஒரு பழைய படச்சுருள் கிடைத்தால், கறுப்பு வெள்ளைப் படம், கீறல்கள், தாத்தா காலத்துச் சட்டை ஆகியவற்றைப் பார்த்து "1930களில் எடுத்தது" என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது அறிவியல் முறையன்று. ஒவ்வொரு தடயத்திடமும் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: படம் எந்த ஆண்டுக்கு முன் எடுக்கப்பட்டிருக்க முடியாது? எந்த ஆண்டுக்குப் பின் எடுக்கப்பட்டிருக்க முடியாது?

கேலாங் சாலையைக் காட்டும் ஒரு 16 மில்லிமீட்டர் சுருளை எடுத்துக்கொள்வோம். அதன் ஓரத்தில் கோடாக் நிறுவனத்தின் குறியாக ஒரே ஒரு வட்டம் உள்ளது. கோடாக் இக்குறிகளை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் பயன்படுத்தியது. ஒற்றை வட்டம் 1916, 1936, 1956, 1976 ஆகிய ஆண்டுகளைக் குறிக்கும். 16 மில்லிமீட்டர் படச்சுருள் 1923இல்தான் விற்பனைக்கு வந்தது. ஆகவே 1916 இல்லை.

அடுத்து, சாலையில் ஒரு பேருந்து. அதன் கூரையிலிருந்து இரண்டு கோல்கள் மேலே உள்ள இரண்டு கம்பிகளைத் தொடுகின்றன. டிராம் வண்டிக்கு ஒரு கம்பி போதும். மின்சாரம் தண்டவாளம் வழியே திரும்பிவிடும். ரப்பர் சக்கரத்தில் ஓடும் டிராலி பஸ்ஸுக்கு அந்த வழி இல்லை, அதனால்தான் இரண்டாவது கம்பி. சிங்கப்பூரில் டிராலி பஸ்கள் 1926 முதல் 1962 வரை ஓடின. 1976உம் விலகியது.

எஞ்சியவை 1936, 1956. 'ஹேப்பி வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்காவின் பெயர்ப்பலகை தெரிகிறது. அது 1937இல் திறக்கப்பட்டு, 1960களில் 'கே வோர்ல்ட்' எனப் பெயர் மாறியது. ஆனால் ஓரக்குறி சொல்வது சுருள் தயாரான ஆண்டைத்தான், படம் பிடித்த ஆண்டையன்று. 1936இல் தயாரான சுருளை மறு ஆண்டு பயன்படுத்தியிருக்கலாமே! எனவே பலகையால் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஓரமாக நிற்கும் ஒரு மோரிஸ் மைனர் கார் தீர்ப்புச் சொல்கிறது. படத்தில் தெரியும் அந்த வடிவ மோரிஸ் மைனர் 1948இல்தான் அறிமுகமானது. ஆகவே சுருள் 1956இல் தயாரானது. படம் 1956க்கும் 1962க்கும் இடையில் எடுக்கப்பட்டது. வாங்கிய சுருளை யாரும் நெடுநாள் வைத்திருப்பதில்லை என்பதால், 1956 அல்லது 1957 என்பது நல்ல ஊகம். ஆனால் அது ஊகமே.

உடையும் படத்தின் தரமும் ஏன் பலவீனமான தடயங்கள்? சட்டையைப் பத்து ஆண்டுகள்கூட உடுத்தலாம். வண்ணப்படம் என்றால் புதியது என்றும் சொல்ல முடியாது. கோடாக்ரோம் வண்ணச்சுருள் 1935இலேயே வந்துவிட்டது. கீறலும் மங்கலும் படியெடுத்தபோது மூலத்திலிருந்து வந்திருக்கலாம். ஓரக்குறியும் அப்படியே படியில் பதிவாகும். ஓரத்தில் இரண்டு குறிகள் தெரிந்தால், ஒன்று மூலத்தினுடையதா என்று பார்க்க வேண்டும்.

என் கருத்து இதுதான்: படத்தில் ஆகப் பழைய பொருளைத் தேடாதீர்கள். பழைய கார் பல ஆண்டுகள் ஓடும். இன்னும் தயாரிக்கப்படாத கார் எந்தப் படத்திலும் விழாது. ஆகப் புதிய பொருளைத் தேடுங்கள்.