உயர்வை உயர்வு என்றே சொல்வோம்

அத்திபெலேயைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியிருக்கின்றன. அவற்றுள் பல கூட்டுறவுச் சங்கங்களாகப் பதிவாகி, நம்மைப் போன்ற வங்கிகளில் கணக்கு வைத்துள்ளன. நிதியாண்டின் தொடக்கத்தில் இச்சங்கங்களின் அறிவிப்புப் பலகைகளில், "தவிர்க்க முடியாத காரணங்களால் பராமரிப்புக் கட்டணம் திருத்தியமைக்கப்படுகிறது" என்ற வரியைக் காணலாம். திருத்தம் மேல்நோக்கியதா கீழ்நோக்கியதா என்பதைக்கூட அவ்வரி சொல்வதில்லை. இந்த நடையைச் சங்கங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் வங்கிகளாகிய நமக்கும் பங்குண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

உயர்வை விளக்குவது ஏன் கடினமாகிறது என்பதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 2024 ஜூன் இறுதியில் கர்நாடகப் பால் கூட்டமைப்பு தன் நந்தினி பால் பாக்கெட்டுகளில் 50 மில்லிலிட்டர் கூட்டி, விலையில் 2 ரூபாய் ஏற்றியது. நீலநிற பாக்கெட்டில் ஒரு லிட்டர் 42 ரூபாயாக இருந்தது. அது 1,050 மில்லிலிட்டர், 44 ரூபாய் என மாறியது. கூடுதல் பாலுக்கே கூடுதல் பணம், ஆகவே இது விலை உயர்வு அன்று என்று விளக்கம் தரப்பட்டது. கணக்குப்படி அது சரியே. லிட்டருக்கு வகுத்துப் பார்த்தால் 42 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவே வருகிறது. ஆனால் பழைய அளவே போதும் என்றிருந்த குடும்பத்தின் பையிலிருந்து ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 2 ரூபாய் கூடுதலாகப் போனதும் உண்மையே. 2025 ஏப்ரல் முதல் தேதியில் அந்தக் கூடுதல் அளவு நீக்கப்பட்டு, லிட்டருக்கு 4 ரூபாய் உயர்வு என அறிவிக்கப்பட்டது. அத்தொகை பால் உற்பத்தியாளருக்கே போய்ச் சேரும் என்ற காரணமும் சொல்லப்பட்டது. லிட்டர் 46 ரூபாய் ஆயிற்று. இரண்டாம் அறிவிப்பில் தொகை பெரிது. எனினும் எவ்வளவு, யாருக்காக என்னும் இரண்டு வினாக்களுக்கும் அதில் நேரான விடை இருந்தது.

இதிலிருந்து நாம் கொள்ளும் கருத்து ஒன்றே. உறுப்பினர் முதலில் பார்ப்பது தம் பையிலிருந்து கூடுதலாகப் போகும் தொகையை. அதை முதல் வரியிலேயே சொல்லாத எந்த விளக்கமும், அது எவ்வளவு சரியான விளக்கமாயினும், மழுப்பலாகவே படும்.

ஒரு கற்பனைச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். 60 வீடுகள், வீட்டுக்கு மாதம் 2,000 ரூபாய். மொத்த வரவு 1,20,000. மூன்றாண்டுகளுக்கு முன் மாதச் செலவு 1,08,000 ஆக இருந்தது. மீதி 12,000 பழுதுபார்ப்பு நிதிக்குப் போயிற்று. இன்று செலவு 1,38,000. ஆக, நிதிக்கு எதுவும் போகவில்லை. மாறாக மாதம் 18,000 துண்டு விழுகிறது. அந்தத் துண்டு எங்கிருந்து ஈடுகட்டப்படுகிறது என்பது வங்கி மேசையில் அமர்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் நிரந்தர வைப்பின் வட்டி, அசலோடு சேராமல் சேமிப்புக் கணக்குக்கு மாற்றப்படும். பின்னர் ஒரு வைப்பு முதிர்வுக்கு முன்பே முடிக்கப்படும். அப்போது ஓடிய காலத்துக்குரிய வட்டியே கிடைக்கும். பல வங்கிகளில் அதிலும் ஒரு கழிவு உண்டு. இவ்விரண்டும் ஒரு சங்கத்தின் வரவு செலவு அறிக்கையில் தென்பட்டால், கட்டணம் உரிய காலத்தில் உயர்த்தப்படவில்லை என்று உறுப்பினர் புரிந்துகொள்ளலாம்.

இனிக் கூடிய 30,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். தண்ணீர் 14,000, காவல், துப்புரவு ஊதியம் 11,000, பொது மின்சாரம் 3,000, மின்தூக்கிப் பராமரிப்பு 1,000, பிற 1,000. தண்ணீரில் நின்று பார்க்க வேண்டும். முன்பு மாதம் 16 லாரி, லாரிக்கு 750 ரூபாய், மொத்தம் 12,000. இப்போது 26 லாரி, லாரிக்கு 1,000, மொத்தம் 26,000. "லாரிக்காரர் விலையை ஏற்றிவிட்டார்" என்று எழுதினால், 2024 கோடையில் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் தண்ணீர் லாரிகளுக்கு விலை வரம்பு விதித்ததை நினைவில் வைத்திருக்கும் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்பார். கேட்பதும் நியாயமே. விலையேற்றத்தால் வந்தது, பழைய 16 லாரிக்கு 250 வீதம், 4,000 மட்டுமே. எஞ்சிய 10,000 கூடுதலாக வாங்கும் 10 லாரிகளால் வந்தது. அதாவது ஆழ்துளைக் கிணறு முன்போல் ஊறவில்லை. இதைச் சொன்னால்தான் கசிவைச் சரிசெய்வது, மழைநீரைச் சேமிப்பது ஆகியவற்றை உறுப்பினரோடு பேச முடியும்.

இச்சங்கம் எழுத வேண்டிய அறிவிப்பு, நம் கருத்தில், இவ்வாறு அமையும்:

"அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து மாதக் கட்டணத்தை 2,000 ரூபாயிலிருந்து 2,500 ரூபாயாக உயர்த்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறோம். உயர்வு 500 ரூபாய். இதில் தண்ணீருக்கு 233, ஊதியத்துக்கு 183, மின்சாரத்துக்கு 50, மின்தூக்கிக்கும் பிறவற்றுக்கும் 34. மூன்றாண்டுகளாகக் கட்டணத்தை உயர்த்தாமல் இருந்தோம். அதனால் ஏற்பட்ட துண்டை வைப்பு நிதியிலிருந்து ஈடுகட்டினோம். ஆறு லட்சமாக இருந்த வைப்பு இன்று நான்கு லட்சமாக உள்ளது. அதை உரிய காலத்தில் தங்களுக்குத் தெரிவிக்காதது எங்கள் தவறு. இவ்வுயர்வால் மாதம் 12,000 மீண்டும் பழுதுபார்ப்பு நிதிக்குப் போகும். எடுத்த இரண்டு லட்சத்தை நிரப்ப ஏறத்தாழ 17 மாதங்கள் ஆகும். ரசீதுகளும் வங்கி அறிக்கையும் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளன."

இதில் எவை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பக்கத்துக் குடியிருப்பில் இதைவிட அதிகம் என்ற ஒப்பீடு இல்லை. அது இங்குள்ள செலவை விளக்காது. நிர்வாகக் குழுவினர் ஊதியமின்றி உழைக்கிறோம் என்ற வரியும் இல்லை. அது உண்மையாயினும், கேட்கப்படாத குற்றச்சாட்டுக்குச் சொல்லும் பதிலாக ஒலிக்கும். தவறு ஒரே வாக்கியத்தில், காரணம் தேடாமல், தொகையோடு ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதத்தான் குழுக்கள் தயங்குகின்றன. ஆனால் வைப்பு குறைந்திருப்பதை உறுப்பினர் ஆண்டுத் தணிக்கை அறிக்கையில் தாமே கண்டுபிடித்தால், 500 ரூபாய் உயர்வு இரண்டு லட்சம் குறித்த ஐயமாக வளரும்.

வேறு இரண்டு செய்திகளும் உண்டு. அறிவிப்பு பொதுக்குழுவுக்கு முன்பே உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். வசூல் தொடங்கிய பின் தரும் விளக்கம் கோரிக்கையாகாது. மேலும், ஓசூர் எல்லைக்கு அருகிலுள்ள நம் ஊரில் கன்னடம் வாசிப்போரும் தமிழ் வாசிப்போரும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். இரு மொழியிலும் எழுதினால், ஒருவர் மற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது செய்தி திரிவதைத் தவிர்க்கலாம்.

இனி நம் பக்கம். 2025 மே முதல் தேதியிலிருந்து, இலவச எண்ணிக்கைக்கு மேற்பட்ட ஏடிஎம் பரிவர்த்தனைக்கு வங்கிகள் வசூலிக்கக்கூடிய உச்சத்தொகையை 21 ரூபாயிலிருந்து 23 ரூபாயாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. அது உச்சவரம்பே, அதுவரை வசூலித்தே தீர வேண்டும் என்ற கட்டளை அன்று. "ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி" என்று மட்டும் எழுதிவிட்டு ஒரு வங்கி கட்டணத்தைக் கூட்டினால், தன் முடிவைப் பிறர் தோளில் ஏற்றுவதாகும். சங்கங்களிடம் நாம் எதிர்பார்க்கும் அதே வரியை நம் அறிவிப்புகளிலும் எழுதுவதே முறை: முன்பு இவ்வளவு, இனி இவ்வளவு, முடிவு எடுத்தவர்கள் நாங்கள்.